முதல் ஐந்து நிமிடம் மட்டும் சரியாக ஓடும் சப்டைட்டில்

கேள்வி: போன வாரம் ஒரு ஸ்ட்ரீமிங் சேவையில் காசு கட்டி ஒரு படத்தை வாடகைக்கு எடுத்தோம். அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது, சப்டைட்டிலை வாசித்துத்தான் படம் பார்ப்பார். ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. போகப்போக ஆள் பேசுவதற்கு முன்பே எழுத்து வந்து மறைய ஆரம்பித்தது. ஒரு மணி நேரம் தாண்டியதும் அம்மா, "யார் என்ன சொல்றாங்கன்னே புரியலை, நிறுத்திடு" என்று சொல்லிவிட்டார். நான் மட்டும் கடைசிவரை ஓட்டிப் பார்த்தேன், இன்னும் மோசம். வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போடச் சொன்னார்கள். செய்தேன், அப்படியேதான் இருக்கிறது. திரும்பவும் எழுதியதற்கு, "நாங்கள் சோதித்தோம், சப்டைட்டில் சரியாகவே உள்ளது" என்று பதில் வந்தது. இவர்களுக்கு எப்படி எழுதினால் புரியும்?

பதில்: அவர்கள் சோதித்ததாகச் சொன்னது பொய்யாக இருக்காது என்றுதான் நினைக்கிறேன். சப்டைட்டில்களைச் சரிபார்க்கும் வேலையில் பல வருடங்கள் இருந்தவன் நான். உங்கள் புகாரைப் போன்ற ஒன்றை நானே ஒருமுறை "குறை எதுவும் இல்லை" என்று எழுதி மூடியிருக்கிறேன். படத்தைத் திறந்தேன், முதல் நான்கைந்து நிமிடம் பார்த்தேன், வாயசைவும் எழுத்தும் பொருந்தின, அடுத்த புகாருக்குப் போய்விட்டேன். அதே படத்துக்கு இன்னும் இரண்டு பேர் எழுதிய பிறகுதான் கடைசிப் பகுதியைத் திறந்து பார்த்தேன். அங்கே பதில் முன்னால் வந்தது, கேள்வி பின்னால் வந்தது. முதலில் எழுதியவருக்கு நான் செய்த தவறு இன்றும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

உங்கள் படத்தில் நடப்பதும் அதே வகைக் குறை என்றே உங்கள் விவரிப்பு காட்டுகிறது. எங்கள் வேலையில் இதை 'டிரிஃப்ட்' என்பார்கள். நழுவல் என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் பார்ப்பவர் கண்ணுக்கு இது அகப்படவே அகப்படாது. அதனால், எங்கே பார்க்க வேண்டும் என்பதை உங்கள் மின்னஞ்சல் சொல்லியாக வேண்டும். எழுதுவதற்கு முன்னால், இது எப்படி வருகிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். தெரிந்தால் எதை அளக்க வேண்டும் என்பதும் தானாகப் புரியும்.

சப்டைட்டில் என்பது படத்தோடு ஒட்டிய ஒன்று இல்லை. பெரும்பாலும் அது தனியான ஒரு சின்ன எழுத்துக் கோப்பு. எந்த நொடியில் எந்த வரி வர வேண்டும், எந்த நொடியில் மறைய வேண்டும் என்பது மட்டும்தான் அதில் இருக்கும். மிக எளிய வடிவத்தில் ஒரு வரி இப்படி இருக்கும்:

```
842
01:00:00,000 --> 01:00:02,400
கதவைத் திற.
```

842 என்பது வரியின் வரிசை எண். மணி, நிமிடம், நொடி, அதற்குப் பின் நொடியின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று நேரம் வருகிறது. திரையில் அந்த நொடியில் யார் பேசுகிறார்கள் என்று இந்தக் கோப்புக்குத் தெரியாது. கடிகாரத்தைப் பார்த்து வரியைக் காட்டும், கடிகாரத்தைப் பார்த்து எடுத்துவிடும், அவ்வளவுதான்.

சினிமாப் படம் நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனி அசையாப் படங்கள், என்ற வேகத்தில் ஓடுவது வழக்கம். ஆனால் 1953இல் அமெரிக்காவில் வண்ணத் தொலைக்காட்சி முறை வந்தபோது, தொலைக்காட்சியின் வேகத்தை நொடிக்கு 30 பிரேமிலிருந்து 29.97 ஆகச் சிறிதே குறைத்தார்கள். அதற்கு ஈடாக சினிமாவும் தொலைக்காட்சிக்குப் போகும்போது 24க்குப் பதிலாக 23.976 ஆனது. அந்தப் பழக்கம் இன்றுவரை தொடர்கிறது. ஒரே படத்துக்கு 24இல் ஒரு பிரதி, 23.976இல் ஒரு பிரதி என்று இரண்டும் புழக்கத்தில் இருக்கும். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குதான்.

அந்த ஆயிரத்தில் ஒரு பங்குதான் உங்கள் அம்மாவின் படத்தைக் கெடுத்தது என்பது என் கணிப்பு. 24 பிரேம் பிரதியைப் பார்த்து ஒருவர் சப்டைட்டிலுக்கு நேரம் குறித்திருப்பார். சேவையிடம் போனது 23.976 பிரதியாக இருக்கும். அது கொஞ்சம் மெதுவாக ஓடுவதால் ஒவ்வொரு வசனமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதமாகும். ஒரு மணி நேரத்துக்கு 3,600 நொடி, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு 3.6 நொடி. மேலே காட்டிய "கதவைத் திற" என்ற வரி சரியாக ஒரு மணி நேரத்தில் வந்து 2.4 நொடியில் மறைந்துவிடும். அதைச் சொல்ல வேண்டிய ஆள் அப்போதும் வாயைத் திறந்திருக்க மாட்டார். வரி மறைந்து இன்னும் 1.2 நொடி கழித்துத்தான் பேசுவார். காது கேட்பவருக்கே இது எரிச்சல். வாசித்துப் பார்ப்பவருக்கோ, ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதாகவே தோன்றும். யார் பேசுகிறார்கள் என்று புரியவில்லை என அம்மா சொன்னதை அப்படியே நம்புங்கள். அவர் சொன்னது குறையின் மிகத் துல்லியமான விவரிப்பு.

அதே கணக்கில் ஐந்தாவது நிமிடத்தில் நழுவல் 0.3 நொடிதான். அந்த அளவு முன்னே பின்னே இருந்தால் பயிற்சி உள்ளவர்களே சாதாரணமாகக் கடந்துபோவார்கள். சேவையின் ஆள் சரியாக இருக்கிறது என்று சொன்னதன் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

சரி, இப்போது அளப்போம். ஸ்டாப்வாட்ச் உள்ள ஒரு போன் போதும். வாடகைக் காலம் முடிந்திருந்தால் பாதகமில்லை, அதற்கு என்ன செய்வது என்பதைப் பிறகு சொல்கிறேன். வாடகைக் காலம் இன்னும் மிச்சம் இருந்தால் இன்றே செய்துவிடுங்கள். ஒருமுறை ஓட்டத் தொடங்கிய வாடகைப் படம் 48 மணி நேரத்தில் மூடிக்கொள்வது பல சேவைகளில் வழக்கம்.

படத்தின் தொடக்கத்தில் ஒன்று, ஒரு மணி நேரத்துக்குப் பக்கத்தில் ஒன்று, முடிவுக்குச் சற்று முன்னால் ஒன்று என மூன்று இடங்களைத் தேர்ந்தெடுங்கள். சும்மா எந்த வசனமும் உதவாது. சற்று நேரம் யாரும் பேசாமல் இருந்து, அப்புறம் ஒருவர் முகம் தெரியும்படி பேச ஆரம்பிக்கும் இடமாகப் பாருங்கள். யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிடும் வசனம் என்றால் இன்னும் நல்லது. சரமாரியாகப் பேசிக்கொள்ளும் காட்சியில் அளந்தால் ஒருவர் பேச்சுக்கு இன்னொருவர் வரியைச் சேர்த்து அளந்துவிடுவீர்கள். அனுபவம் உள்ளவர்களும் அங்கே ஏமாறுவது உண்டு.

இடத்தைத் தேர்ந்ததும், அதற்கு அரை நிமிடம் முன்னாலிருந்து ஓட்டுங்கள். நேரக் கோட்டை இழுத்து நடுவில் விட்டதும் சப்டைட்டிலை மறுபடி எடுத்துக்கொள்ள ஆப்புக்குச் சில நொடிகள் ஆகலாம். உடனே அளந்தால் அந்தத் தடுமாற்றமும் உங்கள் கணக்கில் சேர்ந்துவிடும். உங்கள் படத்தில் எழுத்துதானே முந்துகிறது, அதனால் வரி திரையில் தோன்றும்போது ஸ்டாப்வாட்சைத் தொடங்குங்கள். அதே வரியின் முதல் சொல் காதில் விழும்போது நிறுத்துங்கள். ஒரே இடத்தை மூன்று முறை அளந்து நடுவில் வரும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கை கொஞ்சம் தாமதித்தாலும் பரவாயில்லை, தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் ஏறக்குறைய அதே தாமதம்தான் இருக்கும்.

உங்கள் அளவு இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 4 நிமிடம் 30 நொடியில் அளக்கவே முடியாத அளவு சிறியது. 1 மணி 1 நிமிடம் 20 நொடியில் 3.7. 1 மணி 52 நிமிடம் 10 நொடியில் 6.7. இப்போது நொடியை நிமிடத்தால் வகுத்துப் பாருங்கள். 3.7ஐ 61ஆல் வகுத்தால் 0.06. 6.7ஐ 112ஆல் வகுத்தாலும் 0.06. இரண்டு இடத்திலும் ஒரே எண் வந்தால், நழுவல் படம் முழுவதும் ஒரே சீராக நடக்கிறது என்று பொருள். நிமிடத்துக்கு 0.06 நொடி என்பது 24க்கும் 23.976க்கும் உள்ள வித்தியாசமேதான். இந்த ஒரு வரியைப் பார்த்தாலே சப்டைட்டில் பிரிவில் உள்ளவருக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டியிருக்காது.

எண்கள் வேறு மாதிரியும் வரலாம். மூன்று இடத்திலும் ஒரே இரண்டு நொடி என்று வந்தால் அது நழுவல் இல்லை, மொத்தமாகத் தள்ளி நிற்கிறது. படத்தின் முன்னால் ஒரு நிறுவனச் சின்னம் கூடுதலாகச் சேர்ந்திருந்தாலோ, இருந்தது வெட்டப்பட்டிருந்தாலோ அப்படி ஆகும். ஒரு குறிப்பிட்ட காட்சிவரை சரியாக இருந்து, அதற்குப் பிறகு திடீரென்று ஒரே அளவு விலகி நின்றால், காட்சிகளைக் கூட்டியோ குறைத்தோ வெட்டிய வேறொரு பதிப்புக்கு எழுதிய சப்டைட்டிலை இதில் போட்டிருக்கிறார்கள். அந்தக் காட்சியைக் கண்டுபிடித்துச் சொன்னால் அவர்கள் வேலை பாதி முடிந்தது. படத்தின் நடுப்பகுதியைப் பாருங்கள், அங்கே சரி என்றால் பின்பாதியின் நடுவைப் பாருங்கள், தவறு என்றால் முன்பாதியின் நடுவைப் பாருங்கள். இப்படி ஐந்தாறு முறை பாதியாக்கினால் இரண்டு மணி நேரப் படத்திலும் சில நிமிடத்துக்குள் இடம் சிக்கிவிடும். ஒரு மணி நேரத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல் விலகினால் 25 பிரேம் பிரதிக்கான சப்டைட்டில் வந்து சேர்ந்திருக்கும். அதைத் தொடக்கத்தில் பார்ப்பவர்களே கண்டுகொள்வார்கள் என்பதால் அதற்கு இவ்வளவு போராட வேண்டியிருக்காது.

வரிகள் தள்ளிப் போகாமல் நடுவில் காணாமலே போனால், கடைசியாக வந்த வரி, மறுபடி வந்த முதல் வரி, இரண்டுக்கும் உரிய நேரம், இவற்றைக் குறித்தால் போதும்.

அளந்த பிறகு இன்னும் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். முதலாவது, அதே படத்தை அதே இடத்தில் வேறொரு கருவியில் ஓட்டுவது. டிவியில் பார்த்திருந்தால் போனில், போனில் பார்த்திருந்தால் கணினியில். அங்கேயும் அதே 3.7 வந்தால் குறை உங்கள் கருவியிலோ இணைய வேகத்திலோ இல்லை. ஆப்பை அழித்துப் போடுங்கள் என்று இனி யாரும் சொல்ல முடியாது. இரண்டாவது, அந்தப் படத்துக்கு வேறு மொழியில் சப்டைட்டில் இருந்தால் அதைப் போட்டு அதே இடத்தைப் பார்ப்பது. மொழி தெரிய வேண்டியதில்லை, ஒருவர் பெயர் எழுத்தில் வரும் நேரத்தைப் பார்த்தால் போதும். அது சரியாக இருந்தால் உங்கள் மொழிக் கோப்பில் மட்டும்தான் குறை. எல்லா மொழியும் ஒரே மாதிரி நழுவினால் சேவையிடம் வந்த படப் பிரதியைத்தான் சந்தேகிக்க வேண்டும். இரண்டும் வெவ்வேறு ஆட்கள் பார்க்கும் வேலை, அதனால் இது உங்கள் புகார் எந்த மேசைக்குப் போகிறது என்பதையே தீர்மானிக்கும்.

குரலும் உதடும் பொருந்துகின்றனவா என்றும் ஒரு கண் வையுங்கள். புளூடூத் ஹெட்போனில் குரலே தாமதமாக வருவது உண்டு. அப்போது சப்டைட்டில் முந்துவதாகத் தோன்றும். ஆனால் அது முதல் நிமிடத்திலிருந்தே ஒரே அளவில் இருக்கும், போகப்போக வளராது.

ஆதாரம் அனுப்ப வேண்டுமானால் திரையை அப்படியே பதிவு செய்ய முயல வேண்டாம். திருட்டுப் பிரதியைத் தடுக்கும் பூட்டு இருப்பதால் படம் வரும் இடம் பெரும்பாலும் கறுப்பாகத்தான் பதிவாகும். இன்னொரு போனை எடுத்து டிவித் திரையை வீடியோ எடுங்கள். முதலில் படத்தை நிறுத்தி, நேரக் கோட்டில் உள்ள எண் தெரியும்படி இரண்டு நொடி காட்டிவிட்டு, அப்புறம் ஓடவிடுங்கள். இருபது நொடி போதும். இப்படி ஒரு மணி நேரத்துக்குப் பக்கத்தில் ஒன்று, முடிவுக்குப் பக்கத்தில் ஒன்று. அவர்களுக்கு அனுப்புவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பொதுவெளியில் போட வேண்டாம்.

இனி மின்னஞ்சல். முதலில் அதைப் படிப்பவர் சப்டைட்டில் தெரிந்தவர் இல்லை என்பதை மனதில் வையுங்கள். அவர் கையில் தயார் பதில்கள் இருக்கும், ஒரு நாளில் எத்தனையோ புகார்களைப் பார்ப்பார். காசைத் திருப்பித் தருவதைத் தொடங்கி வைக்க அவரால் முடியும், சப்டைட்டிலைத் திருத்த முடியாது. திருத்துபவர்கள் உள்ளே வேறொரு பிரிவில் இருப்பார்கள், பல நேரம் படத்தைக் கொடுத்த விநியோகஸ்தரிடம் இருப்பார்கள். ஆகவே உங்கள் கடிதத்துக்கு இரண்டு வாசகர்கள். முதல் ஆள் சட்டென்று முடிவெடுக்க வேண்டும், இரண்டாம் ஆள் அப்படியே எடுத்துச் சோதிக்க வேண்டும்.

கோபத்தை நாலு பத்தி எழுதினால் எண்கள் அதற்குள் புதைந்துவிடும். நான் வேலை பார்த்த காலத்தில் மிக நியாயமான புகார்கள் பல அப்படி வீணாய்ப் போயின. எழுதியவர் பட்ட வேதனை தெரியும், எந்த நிமிடத்தில் என்ன நடந்தது என்பது மட்டும் கடைசிவரை தெரியாது. ஆனால் அம்மாவைப் பற்றி ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள். அது இரக்கத்துக்காக இல்லை. காது கேளாதவருக்குச் சப்டைட்டில் இல்லாத படம் ஓடாத படம்தான். பல சேவைகளில் அப்படிப்பட்ட புகார்களைத் தனியாகக் கவனிக்க ஆட்கள் உண்டு, அந்த வரி இருந்தால்தான் அவர்கள் கைக்குப் போகும்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன். சேவையின் ஆட்கள் படிக்கும் மொழிக்கு இதை மாற்றிக்கொள்ளுங்கள். படத்தின் பெயர், சப்டைட்டில் மொழியின் பெயர் எல்லாம் ஆப்பில் எப்படித் தெரிகிறதோ அப்படியே இருக்கட்டும். எண்களுக்குப் பதிலாக நீங்கள் அளந்தவற்றைப் போடுங்கள்.

பொருள்: வாடகைப் படத்தில் சப்டைட்டில் போகப்போக முந்துகிறது (1:01:20இல் 3.7 நொடி) – காது கேளாத பார்வையாளர் – முந்தைய புகார் எண் …

வணக்கம். … தேதியில் இந்தப் படத்தை வாடகைக்கு எடுத்தேன். ஆர்டர் எண் … . குரல் மொழி … , சப்டைட்டில் மொழி … .

சப்டைட்டில் வசனத்துக்கு முன்னால் வருகிறது, நேரம் போகப்போக இடைவெளி கூடுகிறது. 0:04:30இல் வித்தியாசம் தெரியவில்லை. 1:01:20இல் "…" என்ற வரி 3.7 நொடி முன்னதாக வருகிறது. 1:52:10இல் "…" என்ற வரி 6.7 நொடி முன்னதாக வருகிறது. அதாவது நிமிடத்துக்கு 0.06 நொடி என ஒரே சீராகக் கூடுகிறது. 24 மற்றும் 23.976 பிரேம் வேகங்களுக்கு இடையில் சப்டைட்டில் மாறிப்போயிருக்கலாம். படத்தின் தொடக்கத்தில் சோதித்தால் குறை தெரியாது. மேலே சொன்ன இரண்டு இடங்களில் சோதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

டிவியிலும் (மாடல் … , ஆப் பதிப்பு …) போனிலும் (மாடல் … , ஆப் பதிப்பு …) ஒரே அளவு விலகுகிறது. ஆப்பை அழித்து மறுபடி நிறுவியும் மாற்றம் இல்லை. … மொழிச் சப்டைட்டில் அதே இடங்களில் சரியாக உள்ளது. இரண்டு சிறு வீடியோக்களை இணைத்துள்ளேன்.

என் அம்மாவுக்குக் காது சரியாகக் கேட்காது. சப்டைட்டில் இருப்பதாகப் படத்தின் பக்கத்தில் குறிப்பிட்டிருந்ததால்தான் இதை எடுத்தோம். அவரால் படத்தைப் பார்க்க முடியவில்லை.

எனக்கு இரண்டு தேவை. ஒன்று, செலுத்திய வாடகையைத் திருப்பித் தாருங்கள். இரண்டு, இந்தக் குறையைச் சப்டைட்டில் பிரிவுக்கு அனுப்பி அதற்குத் தனிப் புகார் எண் தாருங்கள். பணம் திருப்பித் தந்ததை வைத்து இரண்டாவதை முடித்துவிட வேண்டாம். 7 நாட்களுக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இவ்வளவுதான். கடைசிப் பத்தியில் தனிப் புகார் எண் கேட்பது எதற்கு என்று சொல்கிறேன். பணம் திரும்பியதும் புகார் முடிந்ததாகக் கணினியில் மூடப்படும். உங்கள் காசு வந்துவிடும், கெட்டுப்போன கோப்பு அப்படியே இருக்கும், அடுத்த மாதம் இன்னொருவர் அம்மா அதே இடத்தில் படத்தை நிறுத்துவார். இரண்டையும் பிரித்துக் கேட்டால்தான் இரண்டாவது உயிரோடு இருக்கும். முன்பு வந்த பதிலுக்குக் கீழேயே இதை அனுப்புங்கள். பழைய உரையாடல் கூடவே இருப்பது நல்லது. ஆப்பிலேயே சப்டைட்டில் குறையைச் சொல்லும் பொத்தான் இருந்தால், அதையும் 1:01:20இல் படத்தை நிறுத்திவிட்டு அழுத்துங்கள். சில சேவைகளில் நிறுத்திய நேரமும் சேர்ந்தே பதிவாகும்.

என்ன பதில் வரும் என்பதையும் ஓரளவு ஊகிக்கலாம். மறுபடி ஆப்பை அழிக்கச் சொன்னால், மூன்றாம் பத்தியை அப்படியே ஒட்டி, இது கருவி சம்பந்தப்பட்டது இல்லை, மேலதிகாரிக்கு அனுப்புங்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். சப்டைட்டிலைக் கொடுத்தது விநியோகஸ்தர், எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொன்னால் முதல் பாதி உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் காசு கொடுத்தது சேவைக்குத்தான், விநியோகஸ்தருக்கு இல்லை. திருத்தம் தாமதமாவதற்கு அது காரணமாகலாம், வாடகையைத் தர மறுப்பதற்கு ஆகாது என்று எழுதுங்கள்.

சிக்கலான பதில் ஒன்று உண்டு. படத்தை முடிவுவரை ஓட்டிப் பார்த்திருக்கிறீர்கள், எனவே பணம் தர இயலாது என்பார்கள். உங்கள் விஷயத்தில் பதிவு அப்படித்தான் காட்டும், ஏனென்றால் குறை எதுவரை போகிறது என்று பார்க்க நீங்கள் கடைசிவரை ஓட்டியிருக்கிறீர்கள். அதை மறைக்காமல் சொல்லுங்கள். அம்மா நிறுத்திய நிமிடம் நினைவிருந்தால் அதையும் குறிப்பிட்டு, அதற்குப் பிறகு ஓட்டியது குறையைப் பார்ப்பதற்காக என்று எழுதுங்கள். இனிமேல் எந்தப் படத்தில் இப்படி ஆனாலும் குறை உறுதியானதும் நிறுத்திவிட்டு, அன்றே எழுதிவிடுங்கள். மிச்சத்தை அளக்கத் தேவையான இடங்களுக்கு மட்டும் தாவினால் போதும்.

வாடகைக் காலம் முடிந்து அளக்க முடியாமல் போயிருந்தால், எண்கள் இல்லாமலே எழுதலாம். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு விலகல் மூன்று நான்கு நொடி இருப்பதுபோல் தோன்றியது, தொடக்கத்தில் தெரியாது, கடைசி அரை மணி நேரத்தில் சோதியுங்கள் என்று சொல்வதே பெரிய உதவி. அதோடு, சோதிப்பதற்காகப் படத்தை இன்னொரு முறை திறந்துவிடச் சொல்லிக் கேளுங்கள். தருவார்கள் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனாலும் கேட்கலாம்.

வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்கும் வழியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்படிச் செய்தால் சேவை உங்கள் கணக்கை முடக்கக்கூடும், முன்பு வாங்கி வைத்த படங்களும் அதோடு போகலாம். ஒரு வாடகைத் தொகைக்காக அதில் இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதற்கு முன்னால் உங்கள் நாட்டின் நுகர்வோர் புகார் அமைப்புக்கு எழுதலாம். இந்த மின்னஞ்சலும் அவர்கள் பதில்களும் அங்கே அப்படியே ஆதாரமாகும்.

திருத்தம் எவ்வளவு நாளாகும் என்று கேட்பீர்கள். கோப்பு கையில் உள்ளவருக்கு இது சில நிமிட வேலை. ஒவ்வொரு நேரத்தையும் 1.001ஆல் பெருக்கினால் எல்லா வரியும் அதனதன் இடத்தில் உட்கார்ந்துவிடும். அந்தக் கோப்பு யாரிடம் இருக்கிறது, யார் அனுமதி தர வேண்டும், மறுபடி யார் சரிபார்ப்பது என்பதில்தான் நாட்கள் போகும். வீட்டிலிருந்தே சரிசெய்ய வழி உண்டா என்றால், இல்லை. கணினியில் சொந்தக் கோப்பை ஓட்டும் பிளேயர்களில் சப்டைட்டிலை முன்பின் நகர்த்த வசதி உண்டு, ஆனால் பூட்டுப் போட்ட வாடகைப் படம் அவற்றில் திறக்காது. திறந்தாலும், 3.7 நொடி நகர்த்தினால் அந்த ஒரு இடம் மட்டும்தான் சரியாகும், கொஞ்ச நேரத்தில் மறுபடி விலகிவிடும்.

சரிசெய்துவிட்டோம் என்று பதில் வந்தால், படத்தை முன்பே பதிவிறக்கி வைத்திருந்தால் அதை அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள். பழைய பதிவிறக்கத்தில் பழைய சப்டைட்டில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்புறம் தொடக்கத்தைப் பார்க்காமல் நேராக 1:52:10க்குப் போய் அதே வரியைப் பாருங்கள். வரியும் குரலும் சேர்ந்து வந்தால் அம்மாவைக் கூப்பிட்டு, அவர் நிறுத்திய இடத்திலிருந்து போட்டுக் காட்டுங்கள்.